துள்ளுவதெல்லாம் பசியல்ல

கேண்டீன் அக்காவின் கையால் சாப்பிட்டவர்கள் யாரும் அரை வயிறோடு எழுந்ததில்லை. அவள் எழ விட்டால்தானே. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக அவள்தான் சமையல், அவள்தான் பரிமாறல். "போதும்க்கா" என்று தட்டின் மேல் கையை விரித்து மறைத்தால், விரல் இடுக்கில் ஒரு கரண்டி குழம்பு விழும். கையை எடுத்துத்தானே ஆகவேண்டும்? எடுத்த இடத்தில் சோறு விழும்.

மனிதர்களைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கொள்கைதான். கத்துகிறவன், முறைக்கிறவன், வரிசையில் நிற்க முடியாமல் குதிக்கிறவன் எல்லாருக்கும் நோவு ஒன்றுதான், பசி. ஒருமுறை இரண்டு பேர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இருவருக்கும் நடுவே தட்டை நீட்டியவள் அவள். இரண்டாவது கரண்டி விழுவதற்குள் சண்டை தீர்ந்துவிட்டது. வம்பு என்னவென்றால், இப்படி அவள் சொன்னது பல தடவை சரியாகவே இருந்துவிட்டது. ஒருமுறையாவது சறுக்கியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, எச்சில் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். தொட்டியில் என்ன கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்காமல் மறுநாள் சமையலுக்கு அரிசி அளக்கமாட்டாள். "வாய் பொய் சொல்லும், தொட்டி சொல்லாது" என்பாள்.

பிறகு கேண்டீனை வெளியாள் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். டப்பாவில் அடைத்த சாப்பாடு வண்டியில் வந்து இறங்க ஆரம்பித்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். நூறு பேருக்குச் சமைத்த கை, ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்க ஆரம்பித்தது. அந்த ஒரு ஆள் அவளுடைய வீட்டுக்காரர். அதே தொழிற்சாலையில் அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை. இரண்டே மாதத்தில் அவர் சட்டையின் நடு பொத்தான் தெறித்தது. மூன்றாவது சட்டையும் கைவிட்ட அன்று, அவர் நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றார்.

"சார், பின்னாடி இருக்கிற குளத்துல என் வீட்டுக்காரி மீன் வளர்க்கட்டும் சார். இல்லன்னா நான் வெடிச்சிருவேன்."

தொழிற்சாலைக்குப் பின்னால், தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று வெட்டிய குளம் அது. நான்கு பக்கமும் மண்கரை, ஒரு மூலையில் பம்ப் அறை, இறங்குவதற்குச் சில கல்படிகள். மேனேஜருக்கு அதன்மேல் வேறு யோசனை இருந்தது. தண்ணீருக்குத் தகரத் தொட்டி ஒன்று வைத்துவிட்டு, குளத்தை மண்போட்டு மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்று. ஆனாலும் அவரும் ஒருகாலத்தில் அக்காவின் கரண்டிக்குத் தப்பாதவர்தான். அக்காவை வரச் சொன்னார்.

"ஒரு தடவை வளர்த்துப் பிடிச்சுக் காட்டுங்கக்கா. நல்லபடியா வந்தா குளம் உங்களுது, நான் கை வைக்கமாட்டேன். ஆனா செத்த மீன் மிதந்து நாறிச்சுன்னு வைங்க, மறுநாளே மண்ணு லாரி வந்து நிக்கும்" என்றார்.

அன்று ராத்திரி அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுபடியும் ஒரு கூட்டம் வாயைத் திறந்துகொண்டு அவளுக்காகக் காத்திருக்கப் போகிறதே.

கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டாள். தவிடும் புண்ணாக்கும் ஊறவைத்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, காலையிலும் மாலையிலும் அதே படியில் நின்று போட்டாள். மீன்கள் விரல் நீளம் ஆயின, கை நீளம் ஆயின. "என் பிள்ளைங்க" என்று பேச ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் தட்டில் சோறு குறைந்தது. அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அறுவடைக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போதுதான் அந்தத் துள்ளல் ஆரம்பித்தது. ஒரு மாலை, காற்று அடங்கி, தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. திடீரென்று நடுக்குளத்தில் ஒரு மீன் முழுசாக வெளியே எழும்பி, வெயிலில் ஒருமுறை மின்னி, தொப்பென்று விழுந்தது. அப்புறம் கரையோரம் ஒன்று. அப்புறம் பம்ப் அறைப் பக்கம் இரண்டு. அக்கா உருண்டைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வரிசையில் நிற்கமுடியாமல் குதித்த அத்தனை முகங்களும் நினைவுக்கு வந்தன.

"ஐயோ, என் புள்ளைங்க பசியில தவிக்குதுங்களே" என்று சொல்லிக்கொண்டே, மறுநாள் காலைக்கு வைத்திருந்ததையும் சேர்த்துப் போட்டாள்.

போட்டும் துள்ளின. அடுத்த நாள் கூடுதலாகப் பிசைந்தாள். அதற்கடுத்த வாரங்களில் அதற்கும் மேல். அவள் போடப் போட, துள்ளலும் ஏறிக்கொண்டே போனது. வேலை முடிந்து போகிறவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். "அதோ, அதோ" என்று கை நீட்டுவதும், எது உயரம் என்று பந்தயம் கட்டுவதுமாகக் கரை களைகட்டியது.

வீட்டுக்காரர் மட்டும் ஓரமாக நின்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"எனக்கென்னவோ அதுங்க உன்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடப் பாக்குதுன்னு தோணுது."

"உங்களுக்கு வயிறு நிறைஞ்சு கிடக்கு, அதான் வாய் இவ்வளவு பேசுது" என்றாள் அக்கா.

கூட்டம் கூடினால் மேனேஜர் வராமல் இருப்பாரா? வந்தார். கொஞ்ச நேரம் அவரும் வேடிக்கைதான் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"அக்கா, தண்ணியில ஏதாவது கோளாறா? உள்ளே இருக்கப் பிடிக்காமத்தானே வெளியே குதிக்குது? செத்துகித்துத் தொலைச்சா நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"பசி சார். வளர்ற வயசு."

"இவ்வளவு போட்டுமா பசி?"

அன்றைக்கு முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. குளம் போய்விட்டால் மறுபடியும் அந்தச் சமையலறையும், ஒற்றைத் தட்டும்தான். மறுநாளே வலைக்காரரை வரச் சொன்னாள். அக்கம்பக்கத்துக் குளங்களில் எல்லாம் வலை போட்டுக் கொடுக்கிறவர் அவர். நடுத்தர வயது, சிரித்த முகம். வேலைக்கு வந்தால் முதலில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காமல் குளத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

டீ முடிந்தது. வீச்சுவலையை ஒருமுறை வீசி, நாலைந்து கெண்டைகளை இழுத்துப்போட்டு, ஈரக்கையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதில்மேல் விரலை ஓட்டினார், துடுப்பின் அடியை விரித்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி தேடுற?"

"பேன்க்கா. மீனுக்கும் பேன் பிடிக்கும். பிடிச்சா அரிப்பு தாங்காம துள்ளும். ஆனா அப்படித் துள்ளுறது சாயங்காலம் மட்டும்னு நேரம் பாத்துத் துள்ளாது, உச்சி வெயில்லயும் துள்ளும். கல்லுல, கம்புல போய் ஒடம்பைத் தேய்க்கும். இதுங்க ஒடம்பு சுத்தமா இருக்கு, ஒரு புண்ணுகூட இல்ல."

"உள்ள பெரிய மீன் ஏதாவது பூந்து துரத்துதோ?"

"துரத்தினா பொடிமீன்தான் சிதறும். கூட்டமா, ஒரே பக்கமா, கையால தண்ணி தெளிச்ச மாதிரி. இதுங்க இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னுல்ல துள்ளுது."

"மேனேஜர் மூச்சுமுட்டலோன்னு பயப்படுறாரு."

வலைக்காரர் தலையை ஆட்டினார். "சாயங்காலமா? பகல் முழுக்க வெயில் பட்டு, தண்ணியில இருக்கிற பாசி காத்தை விட்டுக்கிட்டே இருக்கும். சாயங்காலந்தான் தண்ணியில காத்து நிறைய. மூச்சுமுட்டுறது விடியறதுக்கு முன்னாடிக்கா. ராத்திரி பூரா எல்லாமா சேர்ந்து இருக்கிற காத்தை இழுத்துத் தீர்த்திருக்கும். அப்ப துள்ளத் தெம்பு இருக்காது. வாயை மேல வச்சுக்கிட்டு ஆ, ஆன்னு நிக்கும். விடிகாலையில போய் ஒரு தடவை பாருங்க."

"அப்ப எதுக்குத்தான் துள்ளுது?"

"மீன்கிட்டதான் கேக்கணும். சில துள்ளலுக்கு எங்க அப்பாவுக்கும் காரணம் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று சிரித்துவிட்டு, வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்தது, வெயிலே இல்லை. மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் அக்கா கரைக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. படியில் இறங்கியவள் அப்படியே நின்றாள். குளம் முழுக்க வாய்கள். நீர்மட்டத்தில் வட்டம் வட்டமாகத் திறந்து மூடும் வாய்கள். அவள் வாழ்க்கையில் அத்தனை வாய்கள் ஒன்றாக அவளைப் பார்த்துத் திறந்ததில்லை.

கை தானாகத் தவிட்டு மூட்டைக்குப் போய்விட்டது. இத்தனை வருஷப் பழக்கம், சும்மாவா? பாத்திரம் நிறைய அள்ளியும்விட்டாள். அப்போதுதான் வலைக்காரர் "ஆ, ஆ" என்று வாயைப் பிளந்து காட்டியது நினைவுக்கு வந்தது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, தொழிற்சாலைக்கு அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"எந்திரிங்க. தீயணைக்கிற பம்பை ஓட்டணும்."

"எங்க தீ?"

"குளத்துல."

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குடும்பம் நடத்தியவர் அல்லவா, புரியாதபோதும் ஓடத் தெரியும். காவலாளியிடம் சாவியை வாங்கி பம்பைப் போட்டார். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சிய குழாய், அவர் கையிலிருந்து அதை உயரமாகப் பீய்ச்சிக் குளத்திலேயே மழையாகக் கொட்டியது. கொட்டிய இடமெல்லாம் நுரைத்தது. மீன்கள் ஒவ்வொன்றாக அந்த மழைக்குக் கீழே வந்து நெருக்கியடித்து நின்றன. அக்கா படியில் உட்கார்ந்து, எதுவும் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள்.

வெயில் ஏறியபோது வாய்கள் மறைந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் பம்ப் சத்தம் கேட்டுத் தீயென்று பதறி, பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்த மேனேஜர் கரையில் நின்றார்.

"இது எத்தனை நாளைக்குக்கா? தினம் தீயணைப்பு பம்ப் வச்சுத்தான் மீனைக் காப்பாத்தணும்னா, அந்தக் குளம் எதுக்கு? இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா மன்னிச்சுக்குங்க" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அக்காவுக்கு அது இன்னும் அதிகமாக வலித்தது.

அன்று மாலை வானம் தெளிந்து காற்று அடங்கியது. மீன்கள், காலையில் செத்துப் பிழைத்தவை என்ற நினைப்பே இல்லாமல், துள்ள ஆரம்பித்தன. அக்கா உருண்டைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கரையோரத்திலிருந்து ஒரு கெண்டை விசுக்கென்று எழும்பி, தண்ணீருக்குத் திரும்பாமல், கல்படியில் தலை மோத விழுந்தது. ஒரு துடிப்புத் துடித்து அடங்கிவிட்டது. அக்கா தொட்டுப் பார்த்தாள். போயேவிட்டது.

"தானா வந்து கையில விழுந்திருக்கு. குழம்பு வைக்கிறதைத் தவிர நீ பண்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் வீட்டுக்காரர், மெதுவாகத்தான்.

தன் குளத்து மீனை அக்கா அதுவரை அறுத்ததில்லை. சமையலறையில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு வயிற்றைக் கீறினாள். குடல் தடித்து நிறைந்திருந்தது. பசித்த மீன் என்றால் குடல் நூலாகக் கிடக்காதா? விரலால் வழித்துத் தட்டில் தடவினாள். தவிடு இல்லை. புண்ணாக்கும் இல்லை. கருப்புக் கருப்பாகப் பொடிப்பூச்சிகள், நசுங்கிய சிறகுகள், நடுநடுவே நூல்போல் சிவந்த புழுக்கள்.

"ஏங்க, இங்க வாங்க. இது என் சாப்பாட்டைத் தொடவே இல்ல."

கேண்டீனில் டப்பா சாப்பாடு இறங்கிய முதல் நாள்கூட அவள் குரல் இப்படி உடையவில்லை. பிறகு சட்டென்று எழுந்தாள்.

"தொட்டியைப் பாக்காம விட்டுட்டேனே. இத்தனை நாள் பரிமாறினேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் எச்சில் தொட்டியை எட்டிப் பாக்கலையே நான்."

பொழுது சாய்வதற்குள் இருவரும் மறுபடியும் குளத்தில் நின்றார்கள். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, தினமும் தீனி போடும் இடத்தில் முழங்கால் ஆழம் இறங்கி, அடியில் கைவிட்டு அள்ளினாள். வந்தது சேறு மட்டும் அல்ல. புளித்து அழுகிய தவிடு, கொழகொழவென்று, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு. அதற்குள் நெளிந்தன அதே சிவப்புப் புழுக்கள், கை நிறைய.

அவள் அப்படியே குனிந்து நின்றதால்தான் அது கண்ணில் பட்டது. அசையாத நீரின் மேல் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு பிளந்து, உள்ளிருந்து கொசுவைப்போல் ஒரு பூச்சி வெளியே வந்து, தன் கூட்டின்மேலேயே நின்று சிறகை உலர்த்தியது. பக்கத்தில் இன்னொன்று. குளம் முழுக்க. காற்று இல்லாததால் அவை சாவகாசமாக நின்று, பிறகு எழும்பி, தலைக்குமேல் புகைத்தூண்போல் கூட்டமாக ஆடின. அக்காவின் கையில் மொய்த்தவை கடிக்கவும் இல்லை. அடியிலிருந்து மேலே மிதந்து வரும் பூச்சி ஒன்றைத் துரத்திக்கொண்டு, அவள் முழங்காலை உரசியபடி ஒரு கெண்டை நேரே மேல்நோக்கிப் பாய்ந்தது. பூச்சி நீர்மட்டத்தில் அதன் வாயில் சிக்கியது. மீனின் வேகம் மட்டும் நிற்கவில்லை. அந்த வேகத்திலேயே வெளியே போய்விட்டது, விழுந்தபோது அக்காவின் முகமெல்லாம் தண்ணீர்.

முகத்தைத் துடைக்காமலே அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதுங்க துள்ளுது, பசின்னு நான் போடுறேன். அதுங்க திங்காம விட்டது அடியில அழுகுது. அழுகினதுல புழு வளருது, புழு பூச்சியாகுது, பூச்சியைப் பிடிக்க இன்னும் துள்ளுது, நான் இன்னும் போடுறேன். ராத்திரியில அந்த அழுகலே காத்தைத் தின்னுடுது. நானே சமைச்சு, நானே மூச்சை அடைச்சிருக்கேங்க."

"வயித்தை ரொப்பியே மூச்சுமுட்ட வைக்கிறது உனக்குப் புதுசா என்ன?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் கையை நீட்டி அவளைக் கரையேற்றிவிட்டவரும் அவர்தான்.

மறுநாள் வலைக்காரர் வந்து தட்டையும் சேற்றையும் பார்த்துவிட்டு, இரண்டாவது டீயும் கேட்டார். "சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க. கொஞ்ச நாள் தீனியை நிறுத்துங்க, அப்புறம் காலையில மட்டும் கொஞ்சமா" என்றார். ஆட்களை வைத்து அடியில் கிடந்த அழுகலை வாரி வெளியே போட்டார்கள். அக்கா இரண்டு கழிகளில் ஒரு தட்டைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, தீனியை அதில்தான் வைத்தாள். சற்று நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பாள். மிச்சம் இருந்தால் மறுநாள் அளவு குறையும். குளத்துக்கும் ஒரு எச்சில் தொட்டி வந்துவிட்டது.

அந்த வாரங்கள்தான் அவளுக்குப் பெரிய பாடு. மாலையில் மீன்கள் துள்ளும், அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கவேண்டும். கை நமநமவென்று அரிக்கும். சேலை முந்தானையை முறுக்கிப் பிழிந்துகொண்டு, "சாப்பிடுதுங்க, சாப்பிடுதுங்க, என்கிட்ட வாங்கலைன்னாலும் சாப்பிடுதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். விடிகாலையில் போய்ப் பார்ப்பாள். வாய் எதுவும் தெரியாத வெறும் தண்ணீரைப் பார்க்கத்தான் எவ்வளவு நிம்மதி.

அறுவடையன்று தொழிற்சாலையே கரையில் இருந்தது. வலை நெருங்க நெருங்கக் கெண்டைகள் பளபளத்துப் புரண்டன. செத்தது, நாறியது என்று ஒன்றும் இல்லை. மேனேஜர் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்து, பிடிக்கத் தெரியாமல் நழுவவிட்டு, சட்டையெல்லாம் சேறாகி நின்றார்.

"வண்டியை வேற எங்கயாவது நிறுத்திக்கலாம். குளம் உங்களுதுக்கா" என்றார். "ஆனா ஒண்ணு. சாயங்காலம் துள்ளல் குறைஞ்சிருச்சுன்னு ஷிஃப்ட் ஆளுங்க எல்லாம் குறைப்படுறாங்க. பழைய மாதிரி துள்ள வைக்க முடியாதா?"

"வைக்கலாம் சார். ஆனா காலையில நீங்கதான் வந்து பம்ப் போடணும்" என்றாள் அக்கா.

அன்று வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரர் தட்டின்முன் உட்கார்ந்து, வழக்கம்போல், பாதி சாப்பிடும்போதே கையை விரித்துத் தட்டை மறைக்கத் தயாராக வைத்திருந்தார். கரண்டி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, அவர் தட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமாங்க?" என்று கேட்டாள்.

கல்யாணம் ஆன நாள்முதல் அவர் காதில் விழாத கேள்வி அது. வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் தட்டின் மேலிருந்த கையை எடுத்தார்.

"இன்னும் ஒரு கரண்டி போடு" என்றார்.